ஒரு மாசம் போவட்டும்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் எதிர்வீட்டம்மா. எங்கள் வீட்டுக்கு அவர் எதிர்வீடு இல்லை. நாலு வீடு தள்ளி, அதுவும் எங்கள் வரிசையிலேயே இருந்தார். உண்மையில் அவர் வாசலுக்கு எதிரே இருந்தது ஒரு பூட்டிய கிடங்கும் ஒரு மின்கம்பமும்தான். ஆனாலும் தெருவுக்குக் குடிவந்த அத்தனை பேரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சாமான் வண்டி வந்து நின்றதும் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு ஒருவர் எதிரே நிற்பார். நீங்க எந்த வீடுங்க என்று கேட்டால், "எதிர்வீடுதாம்மா" என்பார். நாலு வீடு தள்ளி என்று சொன்னால், இவளுக்கு இங்கே என்ன வேலை என்று வந்தவர்கள் யோசிப்பார்களாம். எதிர்வீடு என்றால் யாரும் யோசிப்பதில்லையாம்.

ஆரணியில் பட்டு நெய்யும் தெருக்களில் எங்களுடையதும் ஒன்று. அவர் வீட்டில் இரண்டு தறி. கணவரும் கொழுந்தனாரும் நெய்தார்கள், அவர் ராட்டையில் ஊடு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தார். ராட்டைச் சத்தம் திடீரென்று நின்றால், ஒன்று நூல் அறுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் யாரோ குடிவந்திருக்க வேண்டும். அவர் கணவர் தறிக்குழியில் இருந்தபடியே, "ஊர்ல எவன் வூடு மாத்தினாலும் நம்ம வூட்ல சேல நின்னுபூடுது" என்று சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பு வாசலைத் தாண்டுவதற்குள் அந்தம்மா குடத்தோடு தெருக்கோடிக்குப் போயிருப்பார்.

நான் கல்யாணமாகி வந்தவாசிப் பக்கத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வந்தது தொண்ணூற்று நாலில். என் கணவருக்கு அரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலை. வந்த அன்று நாங்கள் இருவர், ஒரு கட்டில், ஒரு பீரோ, இரண்டு அட்டைப்பெட்டி. வண்டியிலிருந்து நான் இறங்கக்கூட இல்லை, அதற்குள் அவர் என் கையில் ஒரு சிறிய தூக்கைக் கொடுத்துவிட்டார். உள்ளே கல்லுப்பும் ஒரு மஞ்சள் துண்டும்.

"மொதல்ல இத்த எடுத்துகினு உள்ள போ. அப்பால கட்டிலு, பீரோ எல்லாம். நல்லா தூங்குவியா நீ?"

"தூங்குவேங்க."

"அப்ப கஷ்டம். இங்க தண்ணி அஞ்சரைக்கு."

பிறகுதான் தெரிந்தது, அவர் கேட்கும் கேள்விகள் எல்லாமே இந்த மாதிரிதான். மற்றவர்கள் புதிதாக வந்தவர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்துக் கேட்பார்கள், குலதெய்வம் எது என்று மெதுவாக நூல்விட்டுப் பார்ப்பார்கள். இவர் கேட்பது, எத்தனை குடம் வைத்திருக்கிறாய், வீட்டுக்காரர் குறட்டை விடுவாரா, நாய் என்றால் பயமா, காலில் ஆணி இருக்கிறதா. குறட்டையைப் பற்றி ஏன் கேட்டார் என்று நெடுநாள் எனக்குப் புரியவில்லை. எங்கள் படுக்கையறைச் சுவரும் பக்கத்து வீட்டுத் தறிக்கூடச் சுவரும் ஒன்றே. அந்த வீட்டுப் பெரியவர் நாலு மணிக்கே தறியில் உட்கார்ந்துவிடுவார். குறட்டை விடும் புருஷனாக இருந்தால் தறிச் சத்தம் பழகிப்போகும் என்பது எதிர்வீட்டம்மாவின் கணக்கு. என் கணவர் குறட்டை விடுவதில்லை என்றதும், பாவம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் தெருப்பாடம் ஆரம்பமானது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். கோடியிலிருந்து இரண்டாவது குழாயில்தான் வேகமாக வரும், ஏனென்றால் அந்த இடம் தாழ்வு. முதல் நாள் ராத்திரியே குடத்தை வரிசையில் வைத்துவிட வேண்டும். குடம் இல்லாவிட்டால் ஒரு செங்கல் வைக்கலாம், ஆனால் செங்கல்லில் ஏதாவது அடையாளம் இருக்க வேண்டும். குடிக்கக் குழாய்த் தண்ணீர், மற்றதற்கு வீட்டுக்குப் பின்னால் கைப்பம்பு. பம்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. வேக வைத்துப் பார்த்து கியாஸை வீணாக்க வேண்டாம். ஃபியூஸ் போனால் பெட்டியை நானே திறக்கக் கூடாது, தெருக்கோடி சைக்கிள் கடையில் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே பாவு, தறியில் ஏற்றப்போகும் நீள இழைகள். தெருவில் வாரத்துக்கு மூன்று நாளாவது விடிந்ததும் பட்டுப் பாவை வீதி நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள் இடுப்பு உயரத்தில் பளபளவென்று நிற்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அறுந்த இழைகளை முடிந்து, சிக்கெடுத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் தெருவுக்குள் வண்டி வரக் கூடாது. பாவுக்கு அடியில் குனிந்து போகக் கூடாது, தூக்கிவிட்டுக்கொண்டு போகவே கூடாது. கோடி வரைக்கும் நடந்து சுற்றிக்கொண்டு வர வேண்டும். பொட்டலம் வாங்கப் போகிறவளுக்கு இது பெரிய பேஜார். ஆனால் எதிர்வீட்டம்மா என்னை ஒரு தடவை கையைப் பிடித்து முழுச் சுற்று நடத்திக் காட்டினார். நடக்கும்போதே ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, "இது புதுசா வந்த பொண்ணு, நல்லா தூங்குமாம்" என்று அறிமுகம் செய்துவைத்தார். ஒரு மாதம்வரை எனக்கு அந்தப் பெயர்தான்.

அவருடைய உதவியில் ஒரு சங்கடம் இருந்தது. தேர்ந்தெடுக்கும் வேலையை அவர் உங்களிடம் விடமாட்டார். பால்காரர் யார், தையற்காரர் யார், பல் பிடுங்கப் போகும் டாக்டர் யார், எல்லாம் முதல் நாளே முடிவாகிவிடும். இதனால் தெரு முழுக்க ஒரே பால்காரர். ஒரு கோடையில் அவருடைய பசு வற்றிப்போனபோது தெரு மொத்தமும் சேர்ந்து தண்ணீர்ப் பால் குடித்தது. தையற்காரருக்குக் கழுத்து மட்டும் சரியாக வெட்ட வராது. எங்கள் தெருப் பெண்களைப் பேருந்து நிலையத்தில் ரவிக்கைக் கழுத்தை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று என் கணவர் சொல்வார். நான் இப்போதும் அதே தையற்காரரிடம்தான் தைக்கிறேன்.

ஒருமுறை காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் குடும்பத்தோடு வந்தார். அவர் மனைவிக்கு யாரும் வீட்டுக்குள் வருவது பிடிக்காது. குடத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார். எதிர்வீட்டம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று, தண்ணீர் நேரம், பாவு நேரம், செங்கல் விவரம் எல்லாவற்றையும் திரைச்சீலையிடம் சொல்லிவிட்டு வந்தார். கடைசியில் திரைச்சீலையிடமே, "புரிஞ்சுதா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து, "புரிஞ்சுதுங்க" என்று ஒரு சின்னக் குரல் வந்ததாம்.

இத்தனை செய்தாலும் அவரிடம் ஒரு கறாரான சட்டம் இருந்தது. புதிதாக வந்தவர்கள் வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நான் வந்த மூன்றாம் நாள், அவர் இரவல் கொடுத்த திரி ஸ்டவ்விலேயே காப்பி போட்டு அவருக்கு நீட்டினேன். கையால் தள்ளிவிட்டார்.

"இப்ப வேணாம். ஒரு மாசம் போவட்டும்."

அதேபோல அவர் இட்லி கொடுத்தனுப்பிய பாத்திரத்தை நான் வெறுமனே திருப்பக் கூடாதே என்று சர்க்கரை போட்டுக் கொண்டுபோனேன். அந்தச் சர்க்கரையை என் முன்னாலேயே ஒரு தாளில் கொட்டி மடித்து, என் கையில் திணித்துவிட்டார். "ஒரு மாசத்துக்குப் பாத்திரம் காலியா வந்தா போதும். கழுவியாவது எடுத்தாந்தியே, சந்தோஷம்." எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என்ன பெண்மணி இவர் என்று அன்று இரவு கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து, சட்டம் எல்லாம் முடிந்து அவர் என் வீட்டில் தினம் காப்பி குடிக்க ஆரம்பித்த பிறகு, ஏன் அப்படி என்று கேட்டேன். அவர் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்து தனிக்குடித்தனம் வைத்த முதல் நாள் ஏழு பெண்கள் பார்க்க வந்தார்களாம். வீட்டில் இருந்தது அரைப்படிப் பாலும் நாலு டம்ளரும். நாலு பேர் குடித்து முடிக்கும்வரை மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கழுவி ஊற்றிக் கொடுப்பதற்குள் பால் தீர்ந்துபோய், ஏழாவது ஆளுக்குப் பால் இல்லாத காப்பி. அந்த ஏழாவது ஆள் அதைப் பத்து வருடம் சொல்லிக்காட்டினாளாம்.

"புச்சா வந்தவ வூட்ல டம்ளரு எந்தப் பொட்டியில இருக்குன்னு அவளுக்கே தெரியாது. அங்க போய் குந்திகினு காப்பி குடின்னா குடிச்சிடறதா? மானம் வாணாம்?"

இதை அவர் கேட்டால்தான் சொல்வார். கேட்காதவர்களுக்கு "ஒரு மாசம் போவட்டும்" மட்டும்தான்.

டீச்சர் வந்தது இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ, ஜூன் மாதம். கலசப்பாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஆரணியில் அரசுப் பள்ளிக்கு மாற்றல். கணவருக்குத் திருவண்ணாமலையில் மின்வாரிய வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருவார். மூன்றாம் வகுப்புப் போகும் ஒரு மகள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு காலியாக இருந்தது, அதற்குத்தான் வந்தார்கள்.

வந்த நேரம் சரியில்லை. காலை ஏழு மணி, தெரு நீளத்துக்குப் பாவு. சாமான் ஏற்றிய மினி லாரி ஆரன் அடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. எதிர்வீட்டம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி, லாரிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"ஏம்பா, கண்ணு தெரியல? ஒரு மாசத்து வேல இது!"

லாரி ஓட்டுநர் எரிச்சலில் சாமானைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். மழை தூறுகிற மாதிரி இருந்தது. டீச்சர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நடுவீதியில் கிடந்த தன் வீட்டைப் பார்த்தபடி நின்றார். எதிர்வீட்டம்மா திரும்பி ஒரு சத்தம் போட்டார். தறிக்குழிகளிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். பீரோவை நாலு பேர், கிரைண்டரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, பாவைச் சுற்றி வரிசையாகப் போனார்கள். எதிர்வீட்டம்மா முன்னால் குடத்தோடு, அவருக்குப் பின்னால் டீச்சரின் மகள் உப்புத் தூக்கோடு. அரை மணியில் வீடு உள்ளே போய்விட்டது. தூறல் அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்று மத்தியானம் அவர் டீச்சரின் காகிதங்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். இதுவும் அவர் வழக்கம். கியாஸ் மாற்றச் சீட்டு இருக்கிறதா? பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துச் சீட்டு வாங்கியிருந்தார்கள், சரி. இங்கே அதைக் கொடுத்தாலும் சிலிண்டர் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை எதிர்வீட்டம்மாவின் திரி ஸ்டவ். ரேஷன் கார்டைப் பழைய தாலுகாவில் ஒப்படைத்தாயா? இன்னும் இல்லை. அங்கே ஒப்படைத்து ஒரு சான்று வாங்கி வந்தால்தான் இங்கே கார்டு, அதற்கு ஒரு நாள் லீவு வீண். குழந்தைக்கு டி.சி.? அது டீச்சரிடமே இருந்தது.

ரேஷன் கார்டு என் பக்கமாக விரிந்து கிடந்தது. எதிர்வீட்டம்மா அதில் தாலுகாவின் பெயரை மட்டும் பார்த்தார். நான் முகவரியைப் பார்த்தேன். ஊர்ப் பெயருக்கு முன்னால் காலனித் தெரு என்று இருந்தது. எங்கள் மாவட்டத்தில் அது எந்தச் சாதியின் தெரு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் அதை எவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையே பெரிய மனசு என்று நினைத்து, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் டீச்சர் காப்பி போட்டு மூன்று டம்ளர்களில் கொண்டுவந்தார். எதிர்வீட்டம்மா தள்ளிவிட்டார்.

"இப்ப வேணாம். ஒரு மாசம் போவட்டும்."

நானும், "இப்பதான் வீட்ல குடிச்சேங்க" என்றேன்.

மூன்று டம்ளர்களும் தட்டிலேயே இருந்தன. டீச்சர் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு வந்த இரண்டு வாரமும் எதிர்வீட்டம்மா சுழன்று சுழன்று வேலை செய்தார். டீச்சர் பள்ளியிலிருந்து வருவதற்குள் குடம் நிறைந்திருக்கும். கியாஸ் ஏஜென்சிக்குத் தானே போய் நின்று, ஒரு வாரத்தில் வர வேண்டிய சிலிண்டரை நாலே நாளில் வரவழைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, தெருவுக்கே உரிய அந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். தினமும் ஏதாவது ஒரு பாத்திரம் டீச்சர் வீட்டுக்குப் போகும். டீச்சர் அதில் ஒரு நாள் அதிரசம் வைத்து அனுப்பினார், ஒரு நாள் ஊரிலிருந்து வந்த வேர்க்கடலை. இரண்டு தடவையும் எதிர்வீட்டம்மா அதைத் தாளில் கொட்டி, குழந்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். குழந்தை வாங்கிக்கொண்டு போவதை நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

டீச்சர் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கினார். குடத்தை யாரும் நிரப்ப வேண்டாம் என்றார். செங்கல் வைக்காமல், நாலரைக்கே எழுந்து, எல்லோரும் வருவதற்கு முன்னால், ராத்திரியே வைத்திருந்த குடங்களுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் நின்றார். கதவு சாத்தியே இருந்தது. எதிர்வீட்டம்மாவுக்கு இது புரியவில்லை. "படிச்சவங்களுக்குக் கொஞ்சம் தலக்கனம் இருக்கும், போவப்போவ சரியாயிடும்" என்றார். ஜன்னல் வழியாகப் பேசிப் பார்க்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி காயப்போடும் கொடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டீச்சர். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வேற எங்கயாச்சும் வீடு காலியா இருந்தா சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கமா இருந்தாலும் பரவால்ல."

"ஏங்க, இப்பதானே வந்தீங்க?"

அவர் ஒரு பாவாடையை உதறிக் காயப்போட்டார். "போன ஊர்லயும் இப்படித்தாங்க. எல்லாம் குடுப்பாங்க. ரொம்ப நல்லா பேசுவாங்க. எங்க வீட்ல மட்டும் ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டாங்க. அப்பறம் குடிக்கிறேன், அப்பறம் குடிக்கிறேன். எட்டாவது மாசம், பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்னு ஹவுஸ் ஓனர் சொன்னாரு. பையன் பத்தாவது படிச்சிகினு இருந்தான். இந்தவாட்டி அது வரைக்கும் காத்துகினு இருக்க வேணாம்னு பார்க்கறேன். எனக்குப் பழகிப்போச்சு. ஆனா அந்த அதிரசத்தத் திருப்பிக் குடுத்தாங்கல்ல, அன்னிக்கி எம் பொண்ணு கேட்டா. அம்மா, நம்ம அதிரசம் நல்லா இல்லியான்னு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அய்யோ, அது அப்படி இல்லைங்க, அந்தம்மாவுக்கு ஒரு சட்டம், என்று ஆரம்பித்து அரைப்படிப் பால், ஏழு பெண்கள், நாலு டம்ளர் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை சொல்லும் காரணத்தை இப்படித்தான் கேட்பார் போலிருந்தது. முடிந்ததும், "சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

நான் ஓடினேன். எதிர்வீட்டம்மா ராட்டையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் பிடிபடவே இல்லை.

"நான் குடிக்கலன்னா அவங்களுக்கு இன்னா? காப்பி மிச்சந்தானேம்மா."

"யக்கா, அவங்க காலனிலருந்து வந்தவங்க. அதனாலதான் நீங்க கை நனைக்கலன்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

ராட்டை நின்றது. அவர் கையில் இருந்த தாரைக் கீழே வைத்தார்.

"அதிரசத்தக்கூடத் திருப்பிக் குடுத்தேனே" என்றார். "கொழந்த கையில."

"நீங்க எல்லாருக்கும் அப்படித்தானேக்கா செய்யறீங்க?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்? எத்தினி வூட்ல இத்தப் பார்த்துட்டு வந்தாங்களோ. வெவரங்கெட்டவ நானு." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே எழுந்துவிட்டார். "வா, ஜல்தி."

"இப்பவேவா? இன்னும் ஒரு மாசம் ஆவலியே" என்று தறிக்குழியிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். அவருக்கு அன்று நேரம் சரியில்லை. "நீ வாய மூடிகினு நெய்" என்று பதில் வந்தது.

டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை, தள்ளினார். நேராகக் கூடத்துக்கு நடுவில் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டீச்சரும் மகளும் திகைத்துப் பார்த்தார்கள்.

"டீச்சரம்மா, காப்பி போடு. பெரிய டம்ளர்ல போடு. அதிரசம் மிச்சம் இருக்குதா?"

"அது அன்னிக்கே தீர்ந்துபோச்சுங்க."

"அப்ப வேர்க்கடல?"

"இருக்குதுங்க."

"எடுத்தா."

டீச்சர் அசையவில்லை. அவருக்குச் சட்டென்று நம்பிக்கை வருமா என்ன? ஒருவேளை இவர் பரிகாரம் செய்ய வந்திருக்கிறார், ஒரு மடக்கு குடித்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் தோன்றியிருக்கும். எதிர்வீட்டம்மாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. கேட்டுப் பழக்கமில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், எதையும் விவரமாகச் சொல்வது. சொன்னார். ஏழு பெண்கள், அரைப்படிப் பால். ஆனால் இந்தத் தடவை, எனக்கு இத்தனை வருடமாகச் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்.

"அந்த ஏழாவது ஆளு யாரு தெரியுமா? என் மாமியா. எம் பொண்ணு பொறக்கிற வரைக்கும் எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. ஒரே சாதி, எம் புருசனுக்குச் சொந்த அத்த மவதான் நானு. குடிக்க மாட்டேன்னு சொன்னா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்ச நானே அத்த உனக்கு செஞ்சிட்டேன்."

டீச்சர் அடுப்பங்கரைக்குப் போனார். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் எதுவும் வரவில்லை. பிறகு வந்தது.

எதிர்வீட்டம்மா முதல் டம்ளரை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். இன்னொன்று கேட்டார். வேர்க்கடலையை உடைத்துத் தோலைத் தரையெல்லாம் போட்டார். குழந்தையை மடியில் இழுத்து உட்காரவைத்து, அந்த அதிரசத்துக்கு வெல்லப்பாகு எந்தப் பதத்தில் எடுத்தார்கள் என்று விசாரித்தார். குழந்தை தனக்குத் தெரியாது என்றது. "இன்னா பொண்ணு நீ, இதுகூடத் தெரியாதா" என்று அதட்டியதில் குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது டம்ளர் முடியும்போது டீச்சரும் சிரித்தார். மத்தியானம் இங்கேதான் சாப்பாடு, குழம்பில் புளி கம்மியாகப் போடு என்று எதிர்வீட்டம்மா உத்தரவு போட்டபோது, அய்யோ, இவர் ஒரு மாதம் விலகியே இருந்திருக்கலாமோ என்றுகூட டீச்சருக்குத் தோன்றியிருக்கலாம். அதன் பிறகு அவர் வீடு தேடவில்லை. ஓய்வு பெறும்வரை எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். எதிர்வீட்டம்மாவும் சட்டத்தை மாற்றிக்கொண்டார். அன்று முதல் யார் குடிவந்தாலும் வண்டியிலிருந்து இறங்கும்போதே, "குடிக்கத் தண்ணி குடும்மா" என்று கேட்டுப் பாடாய்ப்படுத்தினார். பாவம், வந்தவர்கள் பெட்டி பெட்டியாக டம்ளர் தேடுவார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. நான் இதையெல்லாம் வாசற்படியில் சாய்ந்து நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தப்பைச் சரிசெய்துவைத்த திருப்தி எனக்கு. எதிர்வீட்டம்மா திரும்பிப் பார்த்தார்.

"நீ ஏன் நின்னுகினு இருக்க? வந்து குந்து. டீச்சரம்மா, இவளுக்கும் ஒண்ணு ஊத்து."

டீச்சர் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"வேணாங்க, இப்பதான் வீட்ல குடிச்சேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. எதிர்வீட்டம்மா வேர்க்கடலை உடைப்பதை நிறுத்திவிட்டார். அவரிடம் ஒரு சட்டமாவது இருந்தது, அதற்கு ஒரு காரணமும் இருந்தது. என்னிடம் என்ன இருந்தது? இரண்டு வாரத்தில் மூன்று தடவை இதே வீட்டில் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். காலையில் கொடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் எதிர்வீட்டம்மாவுக்காக வாதாடியபோது, டீச்சர் ஏன் அப்படிப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் குடிக்காததற்கும் ஒரு காரணம் சொல்வேனா என்று பார்த்திருக்கிறார்.

டீச்சர் டம்ளரைப் பின்னுக்கு எடுக்கவில்லை. வற்புறுத்தவும் இல்லை. கை நீட்டியபடியே நின்றார்.

நான் உள்ளே போய் எதிர்வீட்டம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். டம்ளரை வாங்கிக் குடித்தேன். டிகாஷன் தண்ணீராக இருந்தது, சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தது.

"எப்பிடிங்க இருக்கு?" என்றார் டீச்சர்.

"நல்லா இருக்குங்க" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன கடைசிப் பொய் அது.